கூட்டாளியின் முதலுக்கு வட்டி, எடுப்புக்கு வட்டி, சம்பளம்: பகிர்வுக் கணக்கில் எழுதுவது எப்படி?

மார்ச் முடிந்ததும் கூட்டு வியாபாரக்காரர்கள் கணக்கு எழுதுகிறவரிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "இந்த வருஷம் லாபம் எவ்வளவு?" என்பது ஒன்று. "அதில் என் பங்கு எவ்வளவு?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு லாப நட்டக் கணக்கு பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு அது போதாது. ஒருவர் அதிகப் பணம் போட்டிருப்பார், இன்னொருவர் காலையிலிருந்து ராத்திரி வரை கடையிலேயே நிற்பார், வருஷத்தின் நடுவில் இரண்டு பேருமே கல்லாவிலிருந்து எடுத்திருப்பார்கள். இதையெல்லாம் சரிக்கட்டி மிச்சத்தைப் பங்கு பிரிப்பதற்குத்தான் லாப நட்டப் பகிர்வுக் கணக்கு இருக்கிறது.

ஒரே ஒரு கடையை எடுத்துக்கொண்டு கடைசி ரூபாய் வரை போவோம். கடை நான் கற்பனையாக வைத்துக்கொண்டது. ஆனால் அதில் வருகிற சிக்கல் எல்லாம் நான் கணக்கு எழுதும் இடங்களில் வருஷா வருஷம் பார்ப்பவை.

கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கடை. கூட்டாளிகள் இரண்டு பேர். மூத்தவரை அண்ணாச்சி என்றும் இளையவரைத் தம்பி என்றும் வைத்துக்கொள்வோம். அண்ணாச்சி இருப்பது பாளையங்கோட்டையில், வாரத்துக்கு ஒரு நாள் வந்து பார்ப்பார். உளுந்து வாங்குவது, மாவு இடிக்கக் கொடுப்பது, அப்பளம் தேய்க்கிறவர்களுக்குக் கூலி போடுவது, காயப்போட்டதைப் பார்த்து எடுப்பது, பார்சல் அனுப்புவது எல்லாம் தம்பியின் வேலை. கணக்கு ஆண்டு 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை.

## முதலில் ஒப்பந்தப் பத்திரத்தைத் திறங்கள்

கணக்குப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் கூட்டாண்மை ஒப்பந்தப் பத்திரத்தை வாசிக்க வேண்டும். முதலுக்கு வட்டி உண்டா, எத்தனை சதவீதம், எடுப்புக்கு வட்டி போடலாமா, யாருக்குச் சம்பளம், பங்கு விகிதம் என்ன என்ற எல்லாவற்றுக்கும் பதில் அதில்தான் இருக்க வேண்டும்.

பத்திரமே இல்லை, அல்லது இருந்தும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை என்றால் 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு வந்து நிற்கும். அதன்படி எந்தக் கூட்டாளிக்கும் வேலை செய்ததற்காகச் சம்பளம் கிடையாது. லாபமும் நட்டமும் சம பங்கு. முதலுக்கு வட்டி கேட்க ஒப்பந்தம் இருக்க வேண்டும், அப்படி இருந்தாலும் லாபத்திலிருந்து மட்டும்தான் கொடுக்க முடியும். ஒப்பந்தம் இல்லாமல் எடுப்புக்கும் வட்டி போட முடியாது. "நான்தானே நாள் முழுக்க உழைக்கேன்" என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் பேசி முடிவு செய்திருந்தால் மட்டுமே அது கணக்கில் ஏறும்.

நம் கடையின் பத்திரத்தில் இருப்பவை இவை. முதலுக்கு ஆண்டுக்கு 8% வட்டி. எடுப்புக்கு ஆண்டுக்கு 6% வட்டி. தம்பிக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளம், ஆண்டு முடிவில் வரவு வைக்கப்படும். மிச்ச லாபம் அண்ணாச்சிக்கு 3 பங்கு, தம்பிக்கு 2 பங்கு.

"ஆண்டுக்கு" என்ற ஒரு சொல்லை விட்டுவிடாதீர்கள். "எடுப்புக்கு 6% வட்டி" என்று மட்டும் எழுதிவிட்டால், எந்தத் தேதியில் எடுத்தாலும் முழுத் தொகைக்கும் 6% போடுவதுதான் பாட வழக்கம். மார்ச் மாதம் எடுத்த பணத்துக்கும் முழு வருஷ வட்டி விழும்.

## எந்த லாபத்திலிருந்து தொடங்குவது?

லாப நட்டக் கணக்கில் வந்த நிகர லாபம் 5,15,100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கூட்டாளிகளின் முதல் வட்டியும் சம்பளமும் கழிப்பதற்கு முன் உள்ள தொகையாக இருக்க வேண்டும். இங்கேதான் முதல் தவறு நடக்கிறது.

அப்பளம் தேய்க்கும் பெண்களுக்குக் கொடுக்கும் கூலி செலவு. கடை வாடகை செலவு. தம்பி வாங்கும் சம்பளம் அந்த வகையில் சேராது. அவர் கடையின் உரிமையாளர்களில் ஒருவர், அவருக்குப் போவது லாபத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு முறை. முதல் வட்டியும் அப்படித்தான். அதனால் இவை லாப நட்டக் கணக்குக்கு வெளியே, பகிர்வுக் கணக்கில் வர வேண்டும்.

டேலியில் எழுதுகிற பையன்கள் தம்பியின் சம்பளத்துக்கு ஒரு லெட்ஜர் திறந்து அதை `Indirect Expenses` குழுவில் வைத்துவிடுவார்கள். நிகர லாபம் அங்கேயே 1,80,000 குறைந்துவிடும். பிறகு பகிர்வுக் கணக்கு போடுகிறவர் அதே சம்பளத்தை இன்னொரு முறை கழிப்பார். ஆகவே நிகர லாபத்தைக் கையில் எடுக்கும் முன், செலவுக் குழுக்களைத் திறந்து கூட்டாளி பெயரில் சம்பளமோ வட்டியோ கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அதை நிகர லாபத்தோடு திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதற்கு மாறாக இரண்டு தொகைகள் கூட்டாளிக்குப் போனாலும் செலவுதான். அண்ணாச்சி தன் முதலுக்கு மேல் கடைக்குக் கடனாகப் பணம் கொடுத்திருந்தால் அதற்கான வட்டி செலவு. வட்டி விகிதம் பேசாவிட்டால் அதே 13-ஆம் பிரிவு ஆண்டுக்கு 6% என்கிறது. கடைக் கட்டடம் அண்ணாச்சியுடையது, அதற்கு வாடகை வாங்குகிறார் என்றால் அதுவும் செலவு. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தாக வேண்டியவை இவை, லாப நட்டக் கணக்கிலேயே கழிந்துவிட வேண்டும்.

## முதலுக்கு வட்டி

அண்ணாச்சியின் முதல் ஏப்ரல் 1-ல் 8,00,000. வருஷம் முழுக்க மாற்றம் இல்லை.

8,00,000 × 8% = 64,000

தம்பியின் முதல் ஏப்ரல் 1-ல் 3,00,000. கார் அறுவடை முடிந்து கையில் பணம் வந்ததும் அக்டோபர் 1-ல் இன்னும் 1,00,000 போட்டார். அந்த ஒரு லட்சம் கடையில் இருந்தது ஆறு மாதம்தான்.

3,00,000 × 8% = 24,000
1,00,000 × 8% × 6/12 = 4,000

ஆக தம்பிக்கு 28,000. இரண்டு பேருக்கும் சேர்த்து 92,000.

வட்டி போட வேண்டியது தொடக்க முதலுக்கு. ஆண்டு முடிவில் இருப்புநிலைக் குறிப்பில் தெரியும் முதலைப் பார்த்துப் போடுவது தவறு. முதல் கணக்கிலேயே லாபத்தையும் எடுப்பையும் ஏற்றி இறக்கும் மாறுபடும் முதல் முறையில் எழுதுகிற கடைகளில் இந்தத் தவறு சுலபமாக நடக்கும். அங்கே இறுதி முதலிலிருந்து அந்த ஆண்டு சேர்த்த லாபத்தையும் நடுவில் போட்ட பணத்தையும் கழித்து, எடுப்பைக் கூட்டி, தொடக்க முதலுக்குத் திரும்பிப் போக வேண்டும். நம் கடையில் நிலை முதல் முறை. முதல் தனியாக நிற்கும், மற்றதெல்லாம் நடப்புக் கணக்கில் ஏறும். கூட்டாளிகளுக்குப் புரிய வைக்க இதுவே எளிது என்பது என் எண்ணம்.

## எடுப்புக்கு வட்டி

இதுதான் கொஞ்சம் நின்று செய்ய வேண்டிய இடம். சொந்தச் செலவுக்கு ஒருவர் எடுத்த பணம் எத்தனை மாதம் கடைக்கு வெளியே இருந்தது என்பதைப் பொறுத்து வட்டி மாறும்.

அண்ணாச்சி இரண்டு முறை எடுத்தார். ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு சொரிமுத்து அய்யனார் கோயிலில் போய்த் தங்குவதற்காக ஆகஸ்ட் 1-ல் 60,000. மகளுக்குப் பொங்கல் படி கொடுக்க ஜனவரி 1-ல் 40,000. தொகையும் சமமில்லை, இடைவெளியும் சமமில்லை. இப்படிப்பட்ட எடுப்புகளுக்குப் பெருக்குத்தொகை முறைதான் சரி. ஒவ்வொரு தொகையையும் அது வெளியே இருந்த மாதங்களால் பெருக்கிக் கூட்டுங்கள்.

60,000 × 8 மாதம் = 4,80,000
40,000 × 3 மாதம் = 1,20,000
கூட்டுத்தொகை = 6,00,000
வட்டி = 6,00,000 × 6% × 1/12 = 3,000

மாதங்களை விரல் விட்டே எண்ணுங்கள். ஆகஸ்ட் 1-ல் எடுத்தால் ஆகஸ்ட் மாதமும் சேரும், ஆகஸ்ட் முதல் மார்ச் வரை எட்டு. ஆகஸ்ட் 31-ல் எடுத்திருந்தால் ஏழு. இந்த ஒரு மாதத்தில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

தம்பி எடுத்தது வேறு மாதிரி. மாதா மாதம் முதல் தேதி 10,000 ரூபாய், பன்னிரண்டு மாதமும் தவறாமல். மொத்தம் 1,20,000. இதற்குப் பன்னிரண்டு வரி பெருக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 1-ல் எடுத்தது 12 மாதம் வெளியே இருந்தது, மார்ச் 1-ல் எடுத்தது 1 மாதம். முதலையும் கடைசியையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி 6.5 மாதம்.

1,20,000 × 6% × 6.5/12 = 3,900

மாதக் கடைசியில் எடுத்திருந்தால் முதல் எடுப்புக்கு 11 மாதம், கடைசி எடுப்புக்கு 0. சராசரி 5.5. மாத நடுவில் என்றால் 6. எடுத்த தேதியே தெரியாவிட்டால் ஆறு மாதம் என்று எடுத்துக்கொள்வார்கள். இந்தச் சராசரி செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: தொகையும் இடைவெளியும் கடைசி வரை சமமாக இருக்க வேண்டும். தம்பி தீபாவளி மாதம் மட்டும் 25,000 எடுத்திருந்தால் 6.5-ஐ விட்டுவிட்டுப் பெருக்குத்தொகை முறைக்கே வர வேண்டும்.

இரண்டு பேரின் எடுப்பு வட்டியும் சேர்ந்து 6,900. இது கடைக்கு வருகிற பணம், ஆகவே பகிர்வுக் கணக்கின் வரவுப் பக்கம் வரும்.

## "எஞ் சம்பளத்தத்தான நான் எடுக்கேன்?"

இந்த இடத்தில் தம்பி கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார். "சார், எஞ் சம்பளத்தத்தான நான் மாசா மாசம் எடுக்கேன். அதுக்கு எதுக்கு வட்டி?"

நல்ல கேள்வி. சம்பளம் மாதம் 15,000, அவர் எடுத்தது 10,000. தனக்கு உரியதை விடக் குறைவாகத்தான் எடுத்திருக்கிறார். அப்படியிருக்க வட்டி ஏன்?

பதில் பத்திரத்தில் இருக்கிறது. சம்பளம் "ஆண்டு முடிவில் வரவு வைக்கப்படும்" என்று எழுதியிருக்கிறது. அதாவது மார்ச் 31 வரை அவருக்குச் சம்பளம் என்று எதுவும் கணக்கில் சேரவில்லை. அதற்கு முன் எடுத்த ஒவ்வொரு பத்தாயிரமும் எடுப்புதான், எடுப்புக்கு வட்டி உண்டு.

பத்திரம் "மாதந்தோறும் முதல் தேதி சம்பளம் வழங்கப்படும்" என்று சொல்லியிருந்தால் கதை வேறு. அவர் வாங்கிய 10,000 சம்பளக் கணக்கில் பற்று வைக்கப்படும், ரொக்கம் வரவு வைக்கப்படும். அது எடுப்பே இல்லை, வட்டியும் இல்லை. வாங்காத மிச்சம் மாதம் 5,000 வீதம் அவர் நடப்புக் கணக்கில் வரவாகச் சேரும். இரண்டுமே நேர்மையான ஏற்பாடுகள்தான். ஆனால் கல்லாவிலிருந்து போன ஒரே பணத்தைப் பாதி நாள் எடுப்பு என்றும் பாதி நாள் சம்பளம் என்றும் எழுதி வைத்தால் மார்ச்சில் சண்டை வரும். இரண்டில் ஒன்றைப் பத்திரத்தில் தெளிவாக எழுதி, ரொக்கப் புத்தகத்திலும் அதே பெயரில் எழுதுங்கள்.

நம் கடையில் பத்திரம் சொல்வதுபடியே போகிறோம். சம்பளம் 15,000 × 12 = 1,80,000. இது ஆண்டு முடிவில் தம்பியின் நடப்புக் கணக்கில் வரவு.

## குறிப்பேட்டுப் பதிவுகள்

ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதிவு. முதல் பதிவில் கூட்டாளியின் நடப்புக் கணக்கைத் தொடுகிறோம், இரண்டாவதில் பகிர்வுக் கணக்குக்கு மாற்றுகிறோம்.

முதல் வட்டிக்கு: முதல் மீது வட்டிக் கணக்கு பற்று 92,000, அண்ணாச்சி நடப்புக் கணக்கு வரவு 64,000, தம்பி நடப்புக் கணக்கு வரவு 28,000. பிறகு பகிர்வுக் கணக்கு பற்று 92,000. முதல் மீது வட்டிக் கணக்கு வரவு 92,000.

சம்பளத்துக்கும் இதே நடைதான்: சம்பளக் கணக்கு பற்று, தம்பி நடப்புக் கணக்கு வரவு 1,80,000. அப்புறம் பகிர்வுக் கணக்கு பற்று, சம்பளக் கணக்கு வரவு.

எடுப்பு வட்டிக்குத் திசை தலைகீழ். அண்ணாச்சி நடப்புக் கணக்கு பற்று 3,000, தம்பி நடப்புக் கணக்கு பற்று 3,900. எடுப்பு மீது வட்டிக் கணக்கு வரவு 6,900. பிறகு எடுப்பு மீது வட்டிக் கணக்கு பற்று 6,900. பகிர்வுக் கணக்கு வரவு 6,900.

எல்லாம் ஏறிய பின் பகிர்வுக் கணக்கு இப்படி நிற்கும்:

| பற்று | ரூ. | வரவு | ரூ. |
|---|---|---|---|
| முதல் மீது வட்டி: அண்ணாச்சி | 64,000 | நிகர லாபம் | 5,15,100 |
| முதல் மீது வட்டி: தம்பி | 28,000 | எடுப்பு மீது வட்டி: அண்ணாச்சி | 3,000 |
| சம்பளம்: தம்பி | 1,80,000 | எடுப்பு மீது வட்டி: தம்பி | 3,900 |
| லாபப் பங்கு: அண்ணாச்சி (3/5) | 1,50,000 | | |
| லாபப் பங்கு: தம்பி (2/5) | 1,00,000 | | |
| மொத்தம் | 5,22,000 | மொத்தம் | 5,22,000 |

முதல் வட்டி, எடுப்பு வட்டி, சம்பளம் என்ற இந்த மூன்றும் என்ன வேலை செய்கின்றன என்பதை ஒரு நிமிடம் பாருங்கள். பத்திரமே இல்லாவிட்டால் ஆளுக்கு 2,57,550. வட்டியும் சம்பளமும் இல்லாமல் 3-க்கு 2 என்று மட்டும் பிரித்தால் அண்ணாச்சிக்கு 3,09,060, தம்பிக்கு 2,06,040. இப்போதோ எல்லாம் கூட்டிக் கழித்தால் அண்ணாச்சிக்கு 2,11,000, தம்பிக்கு 3,04,100. பங்கு விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு "பெரிய பங்கு எனக்குத்தான்" என்று அண்ணாச்சி நினைத்திருந்தால், கையில் வரும் தொகை அவரைத் திகைக்க வைக்கும். பத்திரம் எழுதும் நாளிலேயே ஒரு மாதிரிக் கணக்குப் போட்டு இரண்டு பேருக்கும் காட்டிவிடுவது நல்லது.

## நடப்புக் கணக்கும் சரிபார்ப்பும்

ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு நடப்புக் கணக்கிலும் இருப்பு இல்லை என்று கொள்வோம்.

| | அண்ணாச்சி | தம்பி |
|---|---|---|
| முதல் மீது வட்டி (வரவு) | 64,000 | 28,000 |
| சம்பளம் (வரவு) | – | 1,80,000 |
| லாபப் பங்கு (வரவு) | 1,50,000 | 1,00,000 |
| எடுப்பு (பற்று) | 1,00,000 | 1,20,000 |
| எடுப்பு மீது வட்டி (பற்று) | 3,000 | 3,900 |
| இறுதி இருப்பு (வரவு) | 1,11,000 | 1,84,100 |

இனி நான் எப்போதும் போடும் ஒரு சோதனை. வட்டி, சம்பளம் எல்லாம் கூட்டாளிகளுக்குள்ளேயே சுற்றும் தொகைகள். கடையை விட்டு உண்மையில் வெளியே போனது எடுப்பு மட்டும்தான். ஆகவே இரண்டு நடப்புக் கணக்குகளிலும் சேர்ந்து ஏறிய தொகை, நிகர லாபத்திலிருந்து எடுப்பைக் கழித்ததற்குச் சமமாக இருக்க வேண்டும்.

5,15,100 − 2,20,000 = 2,95,100
1,11,000 + 1,84,100 = 2,95,100

சரி. பொருந்தாவிட்டால் வித்தியாசமே தவறைக் காட்டிக்கொடுக்கும். 13,800 குறைகிறது என்றால் பாதியாக்குங்கள், 6,900 வரும். எடுப்பு வட்டியை வரவுப் பக்கம் போடுவதற்குப் பதில் பற்றுப் பக்கம் போட்டிருக்கிறீர்கள். நடப்புக் கணக்குகளில் 1,80,000 அதிகமாக நிற்கிறது என்றால், நிகர லாபம் 3,35,100 என்று வந்த இடத்தில் சம்பளம் ஏற்கெனவே செலவாகக் கழிந்து தம்பி கணக்கில் ஏறியிருக்கிறது, பகிர்வில் அதையே இன்னொரு முறை ஏற்றியிருக்கிறீர்கள்.

ஆனால் இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. ஆகஸ்ட் எடுப்புக்கு எட்டுக்குப் பதில் ஏழு மாதம் போட்டாலும், பங்கு விகிதத்தை மாற்றி எழுதினாலும் மொத்தம் பொருந்தத்தான் செய்யும். கூட்டாளிகளுக்கு இடையில் பணம் இடம் மாறியிருக்கும், கூட்டுத்தொகை மாறியிருக்காது. மாதக் கணக்கையும் விகிதத்தையும் பத்திரத்தோடு வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும்.

## வருமான வரிக்கு வேறு கண்

மேலே போட்டது கூட்டாளிகளுக்கு இடையிலான கணக்கு. வருமான வரிக்குப் போகும்போது, நம் 2024–25 கணக்கு ஆண்டுக்குப் பொருந்தும் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 40(பி) பிரிவு, பத்திரத்தில் எழுதியிருந்தால் முதல் வட்டியையும் உழைக்கும் கூட்டாளியின் சம்பளத்தையும் நிறுவனத்தின் வருமானத்திலிருந்து கழிக்க விடுகிறது. வட்டிக்கு உச்சவரம்பு ஆண்டுக்கு 12% தனி வட்டி. நம் 8% அதற்குள் இருக்கிறது. சம்பளத்துக்கும் லாபத்தைப் பொறுத்து வரம்பு உண்டு, நம் 1,80,000 அதற்குள் அடங்கும். ஆனால் வெறுமனே பணம் போட்டுவிட்டு வேலை செய்யாத கூட்டாளிக்குச் சம்பளம் எழுதினால் கழிவு கிடைக்காது. ஆடிட்டர்கள் சிலர் இவற்றை லாப நட்டக் கணக்கிலேயே கழித்துக் காட்டுவது இந்த வரிக் கழிவை மனதில் வைத்துத்தான்.

2025 ஏப்ரல் 1 முதல் இன்னொரு விதி கூடியது. ஒரு கூட்டாளிக்குச் சம்பளமும் வட்டியும் சேர்த்து ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போனால் நிறுவனம் 10% பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். நடப்புக் கணக்கில் வரவு வைத்தாலே பிடிக்க வேண்டும், பணம் கையில் கொடுக்கும் வரை காத்திருக்க முடியாது. இதே தொகைகள் 2025–26-லும் இருந்தால் தம்பியின் வட்டியும் சம்பளமும் சேர்ந்த 2,08,000-க்கு 20,800 பிடித்தம், அண்ணாச்சியின் 64,000-க்கு 6,400. இவை அவரவர் நடப்புக் கணக்கில் பற்றாக வரும். லாபப் பங்குக்குப் பிடித்தம் இல்லை.

## லாபம் போதாத வருஷம்

இதுவரை போட்டது நல்ல வருஷம். அப்பளத்துக்கு வெயில் வேண்டும். வடகிழக்குப் பருவமழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வருஷத்தில் காயப்போட இடமில்லாமல் சரக்கு வீணாகி, நிகர லாபம் 1,29,100-தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் முன்போலவே.

பகிர்வதற்கு இருப்பது 1,29,100 + எடுப்பு வட்டி 6,900 = 1,36,000. கொடுக்க வேண்டியது முதல் வட்டி 92,000 + சம்பளம் 1,80,000 = 2,72,000. பாதிதான் இருக்கிறது.

கையில் இல்லாததைப் பகிர முடியாது. பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், இருப்பதை உரிமைத் தொகைகளின் விகிதத்தில் பிரிக்க வேண்டும். இங்கே எல்லாமே பாதியாகும். அண்ணாச்சிக்கு வட்டி 32,000. தம்பிக்கு வட்டி 14,000, சம்பளம் 90,000, ஆக 1,04,000. லாபப் பங்கு என்று எதுவும் மிஞ்சாது. பலர் இங்கே முழு வட்டியையும் முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டு, விழுகிற 1,36,000 பள்ளத்தை நட்டம் என்று 3-க்கு 2 விகிதத்தில் பிரிப்பார்கள். அது தவறு. லாபம் வந்த கடையில் நட்டம் எப்படி வரும்?

உண்மையிலேயே நட்டம் வந்தால் முதல் வட்டியும் இல்லை, சம்பளமும் இல்லை. எடுப்பு வட்டி மட்டும் அப்போதும் உண்டு. அது கூட்டாளி கடைக்குக் கொடுக்க வேண்டியது, லாபத்தை நம்பி நிற்பது அல்ல. அந்த அளவுக்கு நட்டம் குறையும்.

சரி, வருஷம் முழுக்க உழைத்த தம்பிக்குப் பாதிச் சம்பளமா என்ற கேள்வி வரும். அதைத் தவிர்க்கப் பத்திரத்தில் ஒரு வழி இருக்கிறது: "லாபம் வந்தாலும் வராவிட்டாலும் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும்" என்று எழுதலாம். அப்போது சம்பளம் பகிர்வு என்ற நிலையிலிருந்து மாறி, வாடகையைப் போல லாபத்துக்கு எதிரான சுமையாகிவிடும்.

அதே மழை வருஷத்தில் இந்த ஒரு வரி என்ன செய்யும் என்று பாருங்கள். 1,29,100-லிருந்து 1,80,000 சம்பளம் கழித்தால் 50,900 நட்டம். எடுப்பு வட்டி 6,900 வந்ததும் நட்டம் 44,000 ஆகக் குறையும். லாபம் இல்லாததால் முதல் வட்டி யாருக்கும் இல்லை. நட்டத்தை 3-க்கு 2 பிரித்தால் அண்ணாச்சி 26,400 தாங்குவார், தம்பி 17,600 தாங்குவார். தம்பிக்கு நிகரமாகக் கிடைப்பது 1,80,000 − 17,600 = 1,62,400. முதல் ஏற்பாட்டில் 32,000 வாங்கியிருக்க வேண்டிய அண்ணாச்சி, இப்போது 26,400 இழக்கிறார். பத்திரத்தின் அந்த ஒரு வரி, அண்ணாச்சி பக்கத்திலிருந்து தம்பி பக்கத்துக்கு 58,400 ரூபாயை நகர்த்திவிடுகிறது.